குளிரில் வரும் சத்தம், சூட்டில் வரும் சத்தம்

"இன்ஜின் அடிக்குதுங்க" என்றுதான் வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் சொல்வார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்றுக்கு வேறு பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் போட்டாலே தீர்வு கிடைத்துவிடும். இன்னொன்றோடு பல வருஷம் வண்டி ஓட்டலாம். மூன்றாவதற்கோ, சத்தம் கேட்ட இடத்திலேயே சாவியை அணைத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். எது எது என்று தெரியாமல் போவதால்தான் நல்ல இன்ஜின்கள் வீணாக இறக்கப்படுகின்றன. உடனே இறக்க வேண்டியவை ஓட்டியே உடைக்கப்படுகின்றன.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? மேட்டில் ஏறும்போதா, நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஓடும்போதா? இவற்றுக்கு விடை தெரிந்தால் நோயின் பெயர் பெரும்பாலும் தெரிந்துவிடும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டத்தான் நீளமான ஸ்க்ரூடிரைவர்.

நாக்கிங் என்று பெட்ரோல் வண்டியில் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏற்காடு மலைப்பாதை போன்ற ஏற்றத்தில், கியரைக் குறைக்காமல் நான்காவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினால், பானெட்டுக்குள்ளிருந்து "கிணிகிணிகிணி" என்று தகர டப்பாவில் கோலிகுண்டைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் வரும். காலைக் கொஞ்சம் எடுத்தாலோ கியரைக் குறைத்தாலோ அந்தக் கணமே நின்றுவிடும். அங்கே எந்த இரும்பும் எந்த இரும்பின்மேலும் மோதவில்லை. ஸ்பார்க் பிளக்கில் பற்றிய தீ சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவிக்கொண்டு போக வேண்டும். அது போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரே நேரத்தில் வெடித்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கிறது. ஒரு சாதாரணக் காரின் சிலிண்டரில் இந்த அதிர்வு நொடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் முறை நிகழும். அதனால்தான் சத்தம் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது.

காரணங்கள் பல. ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோல், முன்கூட்டி வைத்த இக்னிஷன் டைமிங், பிஸ்டன் தலையில் படிந்த கரி, கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடேறுதல் ஆகியவை முக்கியமானவை. புதிய கார்களில் பிளாக்கின்மேல் ஒரு நாக் சென்சார் முடுக்கப்பட்டிருக்கும். அது இந்த அதிர்வை உணர்ந்ததும் கணினி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆகையால் புது வண்டியில் இந்தக் கிணிகிணிப்பு காதுக்கு நன்றாகவே கேட்கிறதென்றால், கணினியால் சமாளிக்க முடிகிற எல்லையை அது தாண்டிவிட்டது, அல்லது சென்சார் வேலை செய்யவில்லை. இதற்கு ஸ்க்ரூடிரைவரால் பயனில்லை. சுமை ஏறி ஓடும்போது மட்டும் வரும் சத்தத்தை, நிற்கும் வண்டியில் தேடிப் பிடிக்க முடியாது. கையேட்டில் சொன்ன ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோலை நிரப்பி, அதே மேட்டில், அதே கியரில் ஏறிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் காரணம் பெட்ரோல். போகவில்லையென்றால் கூலன்ட், டைமிங், கரி என்று தேட வேண்டும். "கிணிகிணி"தானே என்று மாதக்கணக்கில் விட்டால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

மற்ற இரண்டிலும் உலோகத்தின்மேல் உலோகம் உண்மையாகவே மோதுகிறது. அங்கேதான் குளிரும் சூடும் வழி காட்டும்.

பிஸ்டன் ஸ்லாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் அலுமினியத்தில் வார்த்தது. அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஓடும் சூட்டில் பிஸ்டன் சரியான அளவில் இருக்க வேண்டுமென்றால், குளிரில் அது சற்றுச் சிறியதாகத்தான் இருந்தாக வேண்டும். புது இன்ஜினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடும் இடைவெளி பொதுவாக 0.03 மில்லிமீட்டரிலிருந்து 0.05 வரை. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வண்டி லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, சுவரும் பிஸ்டனின் பாவாடைப் பகுதியும் தேய்ந்தால் இடைவெளி இரட்டிப்பாகலாம். அப்போது கனெக்டிங் ராடின் சாய்வு மாறும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குத் தாவுகிறது. வெடிப்பு நடந்த மறுகணம் தாவுவதுதான் பலமான அடி. அந்த அடியைக் குறைக்கவே பல இன்ஜின்களில் பிஸ்டன் பின்னை நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒருபக்கம் தள்ளி வைத்திருப்பார்கள்.

இந்தச் சத்தம் "டொக்... டொக்..." என்று உள்ளீடற்று, மந்தமாகக் கேட்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் உரக்க இருக்கும். சூடேற ஏறப் பிஸ்டன் விரிந்து இடைவெளி மூடிக்கொள்வதால், சில நிமிஷங்களில் தேய்ந்து மறையும். முழுச் சூட்டில் சுத்தமாக நின்றுவிட்டால், வண்டி புகைக்கவில்லை, ஆயில் குடிக்கவில்லை என்றால், அந்த இன்ஜினைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதற்காகப் போர் வேலை செய்யச் சொல்பவரிடம், சூடான பிறகு ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகும் அதே அளவில் டொக்கென்று அடித்தால்தான் சேதி வேறு. அப்போது தேய்மானம் மிகுந்துவிட்டது, அல்லது பிஸ்டனின் பாவாடை விரிசல் விட்டிருக்கிறது.

பேரிங் சத்தம் இதற்கு நேரெதிர். கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மெயின் பேரிங். கனெக்டிங் ராடின் கீழ்முனையில், கிராங்கைப் பிடித்திருப்பது பிக் எண்ட் பேரிங். இரண்டிலும் உருளும் குண்டுகள் கிடையாது. மெல்லிய அரைவட்ட ஓடுகளும், அவற்றுக்கும் கிராங்குக்கும் நடுவே அழுத்தத்தோடு ஓடும் ஆயில் படலமும்தான். ஓடு தேய்ந்து இடைவெளி கூடினால் ஆயில் ஓரங்களில் வழிந்து போகும், படலம் மெலியும், உலோகம் உலோகத்தைத் தொடும், இன்னும் தேயும். காலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் படலம் எப்படியோ தாங்கும், சத்தம் அடங்கியிருக்கும். அரை மணி நேரம் ஓடி ஆயில் நீர்த்தவுடன் சத்தம் வெளியே வரும். ஆகவே குளிரில் பலமாக, சூட்டில் மெலிந்து வந்தால் பிஸ்டன். குளிரில் மெலிந்து, சூட்டில் பலமாக வந்தால் பேரிங். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

பிக் எண்ட் போனால் "டக்டக்டக்" என்று கடினமாக, சுத்தியல் அடிபோல் வரும். வேகத்தைச் சற்று ஏற்றி ஆக்சிலரேட்டரை விடும் அந்த நொடியில், சுமை ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவதால், தெளிவாகக் கேட்கும். மெயின் பேரிங்கின் சத்தம் ஆழமானது. "தொம்தொம்" என்ற உறுமல், காதைவிட வண்டியின் தரையில் வைத்த பாதத்துக்கு முதலில் தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுமை ஏற்றும்போது பெருகும். இரண்டிலும் ஆயில் பிரஷர் குறையும். சூடான ஐட்லிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கினால், கூடவே சூட்டில் இந்தச் சத்தமும் இருந்தால், அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்தால் ஓடு மாற்றும் செலவு இன்ஜின் மாற்றும் செலவாகிவிடும்.

இனி ஸ்க்ரூடிரைவர். ஒரு அடிக்குக் குறையாத, ஒன்றரை அடி வரை நீளமுள்ள, தடித்த இரும்புத் தண்டு கொண்டது வேண்டும். கைப்பிடி மரமாகவோ கெட்டிப் பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். ரப்பர் உறை போட்டது வேண்டாம், அது சத்தத்தை விழுங்கிவிடும். நுனியை இன்ஜினின் கெட்டியான உலோகத்தில், முடிந்தால் ஒரு போல்ட் தலையில், நழுவாமல் ஊன்றுங்கள். கைப்பிடியின் முனையைக் காதுத் துளைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். கைதவறி நுனி இழுபட்டால் செவிப்பறை போய்விடும். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பு மடலை கைப்பிடியால் அழுத்தி, அதைக் கொண்டே துளையை மூடுங்கள். அல்லது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். வெளிச்சத்தம் அடைபட்டு, இரும்பு வழியாக வரும் அதிர்வு மட்டும் கேட்கும். காற்றில் கலந்து எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் இருந்தது, இப்போது விரலால் தொட்டதுபோல் ஓரிடத்தில் வந்து நிற்கும்.

ஆனால் அதற்கு முன் சிலவற்றை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கார் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, திறந்த வெளியில் நிற்க வேண்டும். துப்பட்டா, தோள் துண்டு, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த முடி எதுவும் இருக்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுழலத் தொடங்கும், பெல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக் ஒயர், காயில் பக்கம் நுனி போகக் கூடாது. ஆக்சிலரேட்டரை இன்னொருவர் மிதிக்கட்டும், உங்கள் இரு கைகளும் ஸ்க்ரூடிரைவரில் இருக்கட்டும். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டியின் அடியில் ஊர்ந்து போய்க் கேட்பது வேண்டவே வேண்டாம். அடிப்பக்கம் கேட்க வேண்டுமென்றால் ஒர்க்‌ஷாப்பின் பள்ளத்திலோ லிஃப்டிலோதான்.

எங்கே வைப்பது? மேலிருந்து கீழே இறங்குங்கள். ஹெட்டின் மேலுள்ள மூடியின் போல்ட்டுகளில் வைத்தால் வால்வுகளின் சத்தம் கேட்கும். அந்த மெல்லிய "டிக்டிக்" எல்லா இன்ஜினிலும் ஓரளவு இருக்கும், பயந்துபோய் வருபவர்களில் பாதிப் பேர் கேட்டது டப்பெட் சத்தமாகத்தான் இருக்கும். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுழலும். ஐட்லிங்கில் கிராங்க் நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு டப்பெட் 400 முறைதான் தட்டும். காது பழகிவிட்டால் அந்த நிதானம் தெரியும். அடுத்து பிளாக்கின் பக்கவாட்டில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராக, பாதி உயரத்தில். பிஸ்டன் ஸ்லாப் அங்கேதான் கேட்கும், எஞ்சினின் இரு பக்கங்களில் ஒன்றில் மற்றதைவிட உரக்கவும் கேட்கும். அதன்பின் பிளாக்கும் ஆயில் சம்ப்பும் சேரும் விளிம்பு. மெயின் பேரிங்கின் உறுமல் அங்கே. சம்ப்பின் தகரத்தில் நேரடியாக வைக்காதீர்கள். மெல்லிய தகரம் எல்லாச் சத்தத்தையும் பெருக்கி ஏமாற்றும்.

முக்கியமான ஒழுங்கு ஒன்று உண்டு: ஒரே மாதிரியான இடங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இரண்டாவது சிலிண்டரின் ஹெட் போல்ட்டை மூன்றாவது சிலிண்டரின் பிளாக் சுவரோடு ஒப்பிடக் கூடாது. இன்ஜின் முழுவதும் ஒரே உலோகக் கட்டி, எங்கே அடித்தாலும் எங்கும் கேட்கும். ஆகவே "இங்கே கேட்கிறது" என்பது போதாது, "இங்கேதான் அதிகம் கேட்கிறது" என்று தெரிய வேண்டும்.

நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். நான்கு சிலிண்டர் கொண்ட 1.2 லிட்டர் பெட்ரோல் கார், லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டருக்குமேல் ஓடியது. டைமிங் செயின் உள்ளே, வெளியே ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. காலையில் டொக்டொக் என்கிறது, பகலெல்லாம் கீழே உறுமுகிறது என்பது புகார். வேறோரிடத்தில், "மெயின் பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். இந்த மெக்கானிக் வண்டியை இரவு தன்னிடமே விட்டுப் போகச் சொன்னார். குளிர்ந்த இன்ஜினைக் கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார்.

காலையில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு உடனே அணைந்தது. ஹெட்டில் எல்லாம் ஒரே சீரான டிக்டிக். பிளாக்கின் பக்கத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என மூன்றும் ஒன்றுபோல் இருக்க, மூன்றாவதில் மட்டும் மந்தமான டொக். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார். மீண்டும் வைத்துக் கேட்டபோது மூன்றாவதும் மற்றவற்றோடு கலந்துவிட்டது. பிஸ்டன் ஸ்லாப், அதுவும் குளிரில் மட்டும்.

உறுமல் மட்டும் போகவில்லை. சம்ப் விளிம்பில் பெல்ட் பக்கத்து முனையில் கேட்டது, கியர்பாக்ஸ் பக்கம் நகர நகரக் குறைந்தது. கிராங்க் புல்லியின் நடு போல்ட் தளர்ந்திருந்தாலும் பேரிங்போலவே அடிக்கும் என்பதால், இன்ஜினை அணைத்து முதலில் அதை முடுக்கிப் பார்த்தார். உறுதியாக இருந்தது. மீண்டும் ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவரை வாட்டர் பம்ப் உடலில் வைத்தார், சத்தம் சற்றுக் கூடியது. ஆல்டர்னேட்டர் தாங்கியில் இன்னும் கூடியது. ஆல்டர்னேட்டரின் பின்பக்க உறையில் வைத்ததும் "கரகரகர" என்று காதை நிறைத்தது. என்னிடமும் கொடுத்தார், கேட்டேன். மணலை அரைப்பது போன்ற அந்தச் சத்தத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. "ஹெட்லைட்டையும் ஏசி ப்ளோயரையும் போடுங்க தம்பி" என்று உள்ளே இருந்தவரிடம் சொன்னார். மின்சுமை ஏறியதும் கரகரப்பு இன்னும் கனத்தது.

கடைசிச் சோதனைக்கு இன்ஜினை ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றி அரை நிமிஷம் மட்டும் ஓட்டினார். வாட்டர் பம்ப் சுற்றாததால் அதற்குமேல் ஓட்டக் கூடாது. டைமிங் பெல்ட் வெளியே வாட்டர் பம்ப்பைச் சுற்றும் இன்ஜின்களில் இந்தச் சோதனையையே செய்யக் கூடாது. உறுமல் முற்றிலும் நின்றது. ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுற்றினால் விரலுக்கே சொரசொரப்பு தெரிந்தது. ஆல்டர்னேட்டர் கிராங்கைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் பேரிங்குகள் இப்படித் தேய்வது இயல்புதான். இரண்டையும் மாற்றி வண்டியைக் கொடுத்தார்கள். இன்ஜின் இறங்கவில்லை.

சத்தம் எந்த சிலிண்டருடையது என்பதில் ஐயம் மிச்சமிருந்தால், அந்த சிலிண்டரை மட்டும் சில நொடி எரியாமல் நிறுத்திப் பார்ப்பது அடுத்த படி. பிக் எண்ட் அல்லது ஸ்லாப் சத்தமென்றால் அந்த சிலிண்டரை நிறுத்தியதும் தெளிவாகக் குறையும், ஏனெனில் பிஸ்டனை அடித்துத் தள்ளும் வெடிப்பு இல்லை. மெயின் பேரிங் சத்தம் ஒரு சிலிண்டரை நிறுத்தினால் அவ்வளவாக மாறாது. பழைய வண்டிகளில் பிளக் ஒயரைக் கழற்றி எர்த் செய்வார்கள். புதியவற்றில் மின் அதிர்ச்சி, கன்வெர்ட்டர் சேதம் இரண்டும் நேரும் என்பதால், அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரை எடுப்பதே சரி. அது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. டீசலில் அழுத்தத்தாலேயே எண்ணெய் பற்றுவதால் குளிரில் கடகடப்பு இயல்பு, அதைக் கேட்டுப் பேரிங் என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய இன்ஜின்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி சிலிண்டரை நிறுத்தும் வழக்கம் உண்டு. காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்தால் மிக உயர்ந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே இழக்க நேரிடும்.

ஸ்க்ரூடிரைவர் பேரிங்கைக் காட்டிவிட்டதென்றால், அடுத்த சாட்சி ஆயில்தான். முதலில் ஆயில் ஸ்விட்ச் இருக்கும் துளையில் ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தி, சூடான ஐட்லிங்கில் அளந்து, கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பிறகு சம்ப்பில் இருக்கும் ஆயிலை வெள்ளைத் தாளில் சில துளி விட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறமாகவோ வெள்ளியாகவோ மினுக்கும் துகள்கள் இருந்தால் அவை ஓடுகளிலிருந்து உதிர்ந்தவை. பிரஷரும் குறைவு, ஆயிலும் மினுக்குகிறது என்றால் சம்ப்பைக் கழற்றி ஓடுகளைப் பார்ப்பதுதான் அடுத்த வேலை, அதற்கு இன்ஜினை முழுதாக இறக்கத் தேவையில்லாத வண்டிகளும் உண்டு.